ஊராட்சித் தேர்தல் நோட்டீஸில் வேட்பாளர் அறிமுகம் எழுதுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிடிபி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. கிராம ஊராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். வருபவர் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன்.

நோட்டீஸ்ல நம்மளப் பத்தி எவ்வளவு எழுதணும்? முழுப் பக்கம் போட்டுடலாமா?

வேண்டாம். ஊராட்சி நோட்டீஸ் பெரும்பாலும் 1/8 டெமி அளவில், கையடக்கமாக அடிக்கப்படும். படம், சின்னம், பெயர், வாக்குப்பதிவு நாள் எல்லாம் போக மிஞ்சும் இடத்தில் நூறு சொற்கள் படிக்கிற அளவில் நிற்கும். அதைத் தாண்டினால் எழுத்தைச் சுருக்க வேண்டி வரும். கண்ணாடி போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மடித்துப் பாக்கெட்டில் வைத்துவிடுவார்.

நூறு சொல்லில் என்ன அடங்கும் என்றால், நீங்கள் யார் என்று இரண்டு வரி, செய்த வேலை இரண்டு அல்லது மூன்று, அவ்வளவுதான். பத்து வேலை செய்திருந்தாலும் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். பத்தையும் வரிசையாகப் போட்டால் ஒன்றுகூட ஆளுக்கு நினைவில் நிற்காது.

"மக்கள் தொண்டர்", "ஏழைகளின் தோழன்" இதெல்லாம் போடாம எப்படிண்ணே? நோட்டீஸ் மாதிரியே இருக்காதே?

அந்தச் சொற்களை எடுத்து எதிர் வேட்பாளர் பெயருக்கு முன்னால் ஒட்டிப் பாருங்கள், அங்கேயும் பொருந்தும். யாருக்கும் பொருந்துகிற சொல் உங்களைப் பற்றி எதையும் சொல்வதில்லை. "இரவு பகல் பாராது உழைத்தவர்" என்பதும் அப்படியே. என்ன உழைத்தார் என்று அடுத்த வரி சொல்லாவிட்டால், அந்த வரி ஓர் அங்குலம் இடத்தை வீணாக்கியதோடு சரி.

பெயருக்கு முன்னால் ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதைப் போடுங்கள். "தையல்கடை", "பால் சொசைட்டி", "மாடிவீட்டு" என்று இருக்கும் அல்லவா, அதைப் பார்த்ததும் ஆளுக்கு உங்கள் முகம் ஞாபகம் வரும். பட்டப்பெயரைக் கேலியாக வைத்திருந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

"நான்"னு எழுதுறதா, "இவர்"னு எழுதுறதா?

பல வேட்பாளர்களின் குறிப்பைச் சேர்த்து அடிக்கும் நோட்டீஸ் என்றால் "இவர்" சரி. ஒருவர் தன் நோட்டீஸைத் தானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறார் என்றால் "நான்" என்று எழுதச் சொல்வேன். "இவர் அரும்பாடுபட்டார்" என்று கூச்சமில்லாமல் எழுதும் கை, "நான் அரும்பாடுபட்டேன்" என்று எழுதும்போது தானாக நின்றுவிடும். பாதிப் புகழ்ச்சி அங்கேயே உதிர்ந்துவிடும்.

அஞ்சு வருஷம் வார்டு மெம்பரா இருந்தேன். அந்தக் காலத்துல ஊர்ல நடந்த எல்லா வேலையையும் என் கணக்குல எழுதிக்கலாமா?

முடியாது, எழுதினாலும் நிற்காது. வார்டு உறுப்பினருக்கென்று தனியாக நிதி கிடையாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள். பெரிய வேலைகளின் மதிப்பீடும் அளவும் ஒன்றிய அலுவலகப் பொறியாளர்கள் கையில் இருக்கின்றன. உறுப்பினர் செய்யக்கூடியது கூட்டத்தில் கேட்பது, தீர்மானம் கொண்டுவருவது, அலுவலகத்துக்கு நடப்பது, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது. இதெல்லாம் குறைந்த வேலை இல்லை. ஆனால் "சாலை போட்டேன்" என்று எழுதிவிட்டால் இந்த உண்மையான வேலை மறைந்து, போடாத சாலை மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

இதற்கு நான் வினைச்சொல்லைத்தான் பார்ப்பேன். சொந்தக் கையால், சொந்தக் காசில் செய்தது "செய்தேன்". கூட்டத்தில் வைத்து நிறைவேறியது "தீர்மானம் கொண்டுவந்தேன்". மனு எழுதிக் கொடுத்தது "மனு கொடுத்தேன்". பலரோடு போய் நின்றது "கூட நின்றேன்" அல்லது "நாங்கள் கேட்டோம்". ஒவ்வொரு வேலைக்கும் இதில் எது சரி என்று வேட்பாளரிடம் கேட்பேன். முதலில் எல்லாவற்றுக்கும் "செய்தேன்" என்பார்கள். "யார் கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டால் ஒரு படி இறங்குவார்கள். "செய்யப்பட்டது" என்று எழுதித் தப்பிக்கவும் விடமாட்டேன். யார் செய்தது என்பதை மறைக்கத்தான் அந்தச் சொல் அங்கே வருகிறது.

தேதியிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. அதற்குப் பிறகு போட்ட பைப்பையும் பேவர் பிளாக்கையும் முன்னாள் உறுப்பினர் தன் பதவிக்காலச் சாதனையாக எழுதினால் தப்பு. நீங்கள் இருந்தபோது தீர்மானம் போட்டு, பின்னால் வேலை நடந்திருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள்: "2024இல் தீர்மானம் கொண்டுவந்தேன், 2025இல் வேலை நடந்தது." 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களுக்குக் காலக்கணக்கு வேறு, அதைப் பார்த்து எழுதுங்கள்.

நான் செஞ்சது எனக்கே சரியா ஞாபகம் இல்ல. வருஷம், எண்ணிக்கை எல்லாம் எங்க போய்த் தேடுறது?

முதலில் ஊராட்சித் தீர்மானப் புத்தகம். எந்தத் தேதி, எந்தப் பொருள், யார் முன்மொழிந்தது என்பது அதில் இருக்கும். அடுத்து கிராம சபைப் பதிவு. இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேதி மறந்தவருக்கு இது நல்ல பிடி. "அது மே தினக் கூட்டமா, காந்தி ஜெயந்திக் கூட்டமா?" என்று கேட்டால், வெயிலோ மழையோ எது ஞாபகம் இருக்கிறதோ அதை வைத்து வருடத்தையும் சொல்லிவிடுவார்கள்.

புத்தகத்தைக் காட்டத் தயங்கினால் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு கொடுத்து நகலும் கேட்கலாம், நேரில் பார்வையிடவும் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் தேர்தல் தேதி அறிவித்த பிறகு கிளம்பினால் பதில் வருவதற்குள் ஓட்டு எண்ணி முடித்திருப்பார்கள். நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்த அன்றே மனுவைப் போடுங்கள்.

கைப்பேசிப் படங்களையும் விடாதீர்கள். படத்தில் தேதி இருக்கும். மனு கொடுத்தபோது வாங்கிய ஒப்புகைச் சீட்டு, பழைய வாட்ஸ்அப் செய்தி இரண்டும் பலமுறை எனக்கு உதவியிருக்கின்றன.

ஒரு நோட்டீஸ் எப்படி இருந்துச்சு, எப்படி மாத்துனீங்கன்னு காட்டுங்களேன்.

ஒரு முன்னாள் வார்டு உறுப்பினர், தையல் தொழில் செய்யும் அம்மா, தலைவர் பதவிக்கு நிற்பதற்காக எழுதிக்கொண்டு வந்ததை வைத்துக் காட்டுகிறேன். ஆள் தெரியாமல் இருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதல் பிரதி இப்படி இருந்தது:

"மக்களின் மனம் கவர்ந்த செயல் வீராங்கனை. இரவு பகல் பாராது உழைத்து, குடிநீர், சாலை, தெருவிளக்கு, வடிகால் என எண்ணற்ற நலத்திட்டங்களை நிறைவேற்றியவர். வெற்றி பெற்றால் நமது ஊராட்சியை முன்மாதிரி ஊராட்சியாக மாற்றிக் காட்டுவார்."

இதில் ஊர்ப் பெயர் இல்லை, தெரு இல்லை, வருடம் இல்லை. "குடிநீர்னா என்னம்மா செஞ்சீங்க?" என்று கேட்டேன். 2022 கோடையில் கிழக்குத் தெரு மோட்டார் எரிந்துபோய் 42 வீட்டுக்குத் தண்ணீர் வரவில்லை என்றார். ஊராட்சிக் கூட்டத்தில் பேசித் தீர்மானம் போட வைத்திருக்கிறார். பதினோராவது நாள் புது மோட்டார் ஓடியிருக்கிறது. பழையதைச் சரிசெய்து உதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவர்தானாம். அடுத்த வருடம் மறுபடி மோட்டார் எரிந்தபோது இரண்டே நாளில் அதை மாட்டிவிட்டார்கள். இதைத்தான் அவர் "குடிநீர்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டுப் புதைத்திருந்தார்.

தெருவிளக்கு என்றால், வார்டில் எரியாத ஒன்பது விளக்கின் கம்ப எண்களை நோட்டில் எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்திருக்கிறார். ஏழு மாற்றினார்கள், இரண்டு அப்படியே கிடக்கின்றன. சாலை அவர் வார்டே இல்லை, எடுத்துவிட்டோம். வடிகாலுக்கு மூன்று கிராம சபையில் கேட்டிருக்கிறார், மதிப்பீடு போட்டார்கள், பணம் வரவில்லை. கடைசியில் புரூப்புக்குப் போனது இது:

"நான் 2020 முதல் 2025 ஜனவரி வரை நம் ஊராட்சியின் 3ஆவது வார்டு உறுப்பினராக இருந்தேன். பிளஸ் டூ படித்திருக்கிறேன். பள்ளிக்கூடத் தெருவில் தையல்கடை வைத்திருக்கிறேன்.

2022 கோடையில் மோட்டார் எரிந்து கிழக்குத் தெருவில் 42 வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். பதினோராம் நாள் புது மோட்டார் ஓடியது. பழைய மோட்டாரைச் சரிசெய்து உதிரியாக வைக்கச் சொன்னேன். அடுத்த முறை இரண்டே நாளில் தண்ணீர் வந்தது.

எரியாத 9 தெருவிளக்குகளைக் கம்ப எண்ணோடு எழுதிக் கொடுத்தேன். 7ஐ மாற்றினார்கள்.

மேற்குத் தெரு வடிகாலுக்கு மூன்று கிராம சபைகளில் கேட்டேன். மதிப்பீடு தயாரானது, நிதி வரவில்லை. அந்த வேலை பாக்கி இருக்கிறது."

பதினோரு நாள் என்பது பெருமையான கணக்கு இல்லை என்று அவருக்கு வருத்தம். "ஒரு வாரம்னு போட்டுடுங்க" என்றார். 42 வீட்டிலும் குடம் தூக்கிய ஆட்கள் இருக்கிறார்கள், நாளை எண்ணியவர்கள் அவர்கள்தான் என்று சொல்லி அப்படியே விட்டோம்.

முடியாமப் போன வேலையை நாமளே எழுதுறதா? எதிராளிக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகாதா?

வடிகால் வரவில்லை என்பது மேற்குத் தெருக்காரருக்கு ஏற்கெனவே தெரியும், தினமும் தாண்டிப் போகிறார். நீங்கள் எழுதாவிட்டால் "இவங்க வார்டுல சாக்கடையப் பாரு" என்று எதிராளி ஆரம்பிப்பார். எழுதிவிட்டால் பேச்சு "எங்கே நின்றது, ஏன் நின்றது" என்று மாறும், அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது. ஒன்று போதும். நான்கைந்து தோல்வியை அடுக்கினால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

பதவியே வகிச்சதில்ல, முதல் தடவை நிக்கிறேன். எழுத என்ன இருக்கு?

பதவி என்றால் ஊராட்சி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளியின் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்தீர்களா? பால் கூட்டுறவுச் சங்கத்தில்? மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்து கணக்குப் புத்தகம் எழுதியிருக்கிறீர்களா? பன்னிரண்டு பெண்களின் சேமிப்பையும் வங்கிக் கடனையும் ஐந்து வருடம் தவணை தவறாமல் கொண்டுபோனவர், பொதுப் பணத்தைக் கையாண்ட அனுபவம் உள்ளவர். அதை "சமூக சேவகி" என்று மாற்றி எழுதிக் கெடுக்கக் கூடாது. எத்தனை பேர், எத்தனை வருடம், என்ன பொறுப்பு என்று எழுதினால் போதும்.

அதுவும் இல்லை என்றால் ஊர்க்காரர் எதற்காக உங்களைத் தேடி வருகிறார்கள் என்று யோசியுங்கள். மனு எழுதித் தர வருகிறார்களா, ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கவா, கரண்ட் ஆபீசுக்குக் கூடப் போகவா? அதை ஒரு வரியில் சொல்லலாம். எண்ணிக்கை மட்டும் கற்பனை செய்யாதீர்கள்.

தலைவர் பதவிய பொம்பளைக்கு ஒதுக்கிட்டாங்க, வீட்டுக்காரம்மாவ நிறுத்துறோம். நோட்டீஸ்ல என் வேலையைப் பத்தியே எழுதிடலாமா, ஊருக்கு என்னத்தான தெரியும்?

வேட்பாளர் அவர். கூட்டத்தில் உட்கார வேண்டியதும் காசோலையில் கையெழுத்துப் போட வேண்டியதும் அவர். உங்கள் சாதனையைப் போட்டால் "இந்த அம்மா பொம்மை" என்று நீங்களே அச்சடித்துக் கொடுத்த மாதிரி.

இப்படி வருபவர்களிடம், அடுத்த தடவை அவரையும் அழைத்து வாருங்கள் என்பேன். அவரிடம் நேரே பேசினால் முந்தின பதிலில் சொன்ன குழுக் கணக்கோ, பள்ளிக்கூட விவகாரமோ, நூறு நாள் வேலையில் கூலி தாமதமானபோது முன்னால் நின்று கேட்டதோ ஏதாவது ஒன்று வரும். பெரும்பாலும் கணவருக்கே அது முழுதாகத் தெரிந்திருக்காது. கணவர் பெயர் அடையாளத்துக்கு ஒரு இடத்தில் வரட்டும். படம் அந்த அம்மாவுடையது ஒன்றே போதும்.

வாக்குறுதியே இல்லாம நோட்டீஸ் அடிச்சா "இவன் என்ன செய்வான்"னு கேக்க மாட்டாங்களா?

கேட்பார்கள். அதனால் அறிமுகத்துக்குக் கீழே, தனியாக, இரண்டு வேலை எழுதலாம். ஒரே சோதனை: அது ஊராட்சியின் கையில் இருக்கிற வேலையா? குடிநீர், தெருவிளக்கு, தெருச் சாலை, வடிகால், குப்பை, சுடுகாட்டுப் பாதை இவை ஊராட்சி தொடக்கூடியவை. பட்டா வருவாய்த் துறை. முதியோர் உதவித்தொகையும் வருவாய்த் துறை வழியாகத்தான், அதற்குத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். புதுப் பேருந்து போக்குவரத்துக் கழகத்தின் முடிவு. "அனைவருக்கும் பட்டா" என்று எழுதும் தலைவர் வேட்பாளர், தன் கையில் இல்லாத சாவியைக் காட்டுகிறார்.

கையில் இல்லாததையும் வேறு மாதிரி சொல்ல முடியும். "உதவித்தொகை வாங்கித் தருவேன்" என்பதற்குப் பதில், "விண்ணப்பம் எழுத மாதம் ஒரு நாள் ஊராட்சி அலுவலகத்தில் உட்காருவேன்" என்று எழுதுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த மாதமே ஊர் பிடித்துவிடும் என்பதால் பலர் இந்த வரியை எழுதத் தயங்குகிறார்கள். தயங்கினால் விட்டுவிடுவதே மேல்.

மேலே பார்த்த அம்மாவின் நோட்டீஸில் இந்தப் பகுதி இரண்டே வரி: மேற்குத் தெரு வடிகாலை முதல் வருட வேலைப் பட்டியலில் வைப்பேன், ஊராட்சி வரவு செலவை ஒவ்வொரு கிராம சபைக்கு முன்பும் பலகையில் ஒட்டுவேன். "கட்டி முடிப்பேன்" என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? நிதி எப்போது வரும் என்பது அவர் கையில் இல்லை.

அதே வேலையை எதிர்த்து நிக்கிறவரும் தான் செஞ்சதா போட்டிருக்கார். நாம பதிலுக்கு "அது பொய்"னு போடலாமா?

போடாதீர்கள். ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு நான்கு பேர் அலைந்திருப்பார்கள், நால்வரும் ஓரளவு சரியாக இருக்கலாம். உங்கள் பங்கைத் தீர்மானத் தேதியோடு எழுதிவிட்டால் மற்றதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

எதிராளியின் நடத்தையைப் பற்றி ஆதாரமில்லாமல் அச்சடிப்பது சட்டச் சிக்கலுக்கும் இழுக்கும். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களில் பொய் என்று தெரிந்தே அப்படி வெளியிடுவது ஊழல் நடவடிக்கை, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவில் வருகிறது. சாதி, மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதும் அதே பிரிவுதான். "நம்ம ஆளு" என்று நோட்டீஸில் எழுதச் சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

கோயிலுக்கு ஒரு லட்சம் கொடுத்திருக்கேன், அன்னதானம் போட்டிருக்கேன். அதையும் சேர்க்கலாம்ல?

கொடுத்தது உண்மை என்றால் பொய் இல்லை. ஆனால் அது சொந்தப் பணத்தில் செய்த தர்மம், ஊராட்சி நடத்துவது ஊர்ப் பணத்தை. முதலாவது இரண்டாவதுக்குச் சான்று ஆகாது. ஒரு கோயில் பெயரைப் போட்டால் மற்ற தெருக் கோயில்காரர் கணக்குப் பார்ப்பார். முந்தின பதிலில் சொன்ன மதச் சிக்கலும் பக்கத்தில் நிற்கும். நான் பெரும்பாலும் வெட்டிவிடுவேன், சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போயிருக்கிறார்கள்.

என் மேல ஒரு கேஸ் இருக்கு. படிப்பும் பத்தாவது பெயில். நோட்டீஸ்ல எப்படி மறைக்கிறது?

அறிமுகத்தில் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை, படிப்பை விட்டுவிடலாம். ஆனால் எழுதினால் வேட்புமனுவோடு கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தில் உள்ளதையே எழுதுங்கள். பத்திரத்தில் பத்தாம் வகுப்பு, நோட்டீஸில் "பட்டதாரி" என்றால் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அன்று மாலையே ஊர் குழுவில் போட்டுவிடுவார்கள். வழக்கும் அப்படியே. பத்திரத்தில் மறைக்கவே கூடாது. தண்ணீருக்காகச் சாலை மறியல் செய்த வழக்கு என்றால் அதையே வேலைப் பட்டியலில் ஒரு வரியாக எழுதியவர்களும் உண்டு.

அச்சுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா என்ன பாக்கணும்?

அச்சிட்டவர், வெளியிடுபவர் இருவரின் பெயரும் முகவரியும் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலுக்கு இது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. வெளியிடுபவர் தன்னைத் தெரிந்த இருவரின் சான்றோடு கையெழுத்திட்ட உறுதிமொழியை இரண்டு பிரதியாக அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதன் விதிகளைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அச்சுக் கூலி ரசீதையும் தொலைக்காதீர்கள், செலவுக் கணக்கில் காட்ட வேண்டும்.

அப்புறம் புரூப்பை நீங்கள் மட்டும் படித்தால் போதாது. நோட்டீஸில் எந்தத் தெருவைச் சொன்னீர்களோ அந்தத் தெருக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் படிக்கும்போது பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். தையல்கடை அம்மா கிழக்குத் தெருப் பாட்டி ஒருவரிடம் வாசித்துக் காட்டினார். பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "நாப்பத்திரண்டு இல்லடி, எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற கூரைவீட்ட விட்டுட்ட" என்றார். போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து, 43 என்று திருத்திக் கொடுத்தார்.